ஒரே கம்பெனிக்கு 36% பில்... சிறு நிறுவனம் எவ்வளவு இழப்பைத் தாங்கும்?

2021 செப்டம்பரில், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றது. செய்திகளில் அதிகம் பேசப்பட்டது ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி. ஆனால், ஒரு கார் ஆலைக்குப் பின்னால் பாகங்கள் செய்துதரும் கம்பெனிகள் இருக்கும். அவர்களுக்குப் பின்னால், புஷ், பின், பிராக்கெட் மாதிரி சின்னச் சின்ன பாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் இருக்கும். பெரிய ஆலை மூடப்படும்போது, அதன் பெயரில் ஒரு பில்கூட போட்டிராத பட்டறையிலும் மெஷின் நிற்கும்.

தன் விற்பனையில் எவ்வளவு பங்கு யாரை நம்பி இருக்கிறது என்பதை ஒரு பட்டறை முன்கூட்டியே அளக்க முடியுமா? முடியும். அதற்குத் தேவையான தகவலில் பெரும்பகுதி அந்தப் பட்டறையின் ஜிஎஸ்டி கணக்கிலேயே இருக்கிறது. பிரச்னை, பலரும் அதைத் தவறாகக் கூட்டுகிறார்கள் என்பதுதான்.

கணக்கு எங்கே தொடங்குகிறது?

உதாரணத்துக்கு, அம்பத்தூரில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். வருட விற்பனை 4 கோடி ரூபாய். வாடிக்கையாளர்கள் 14 பேர். கேட்கும்போது, ‘14 பேர் இருக்காங்களே, பயமில்லை’ என்றுதான் தோன்றும்.

கடந்த 12 மாத பில்களை எடுத்து, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போட்ட தொகையைக் கூட்டி, மொத்த விற்பனையால் வகுத்தால் அவரவர் பங்கு கிடைக்கும். இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பில்லின் மொத்தத் தொகையை எடுக்கக் கூடாது. அதில் இருக்கும் ஜிஎஸ்டி பட்டறையின் வருமானம் அல்ல என்பதால், வரிக்கு முந்தைய மதிப்பைத்தான் எடுக்க வேண்டும். அடுத்து, சரக்கு திரும்பி வந்ததற்குப் போட்ட கிரெடிட் நோட்டுகளைக் கழிக்க வேண்டும். ரிஜெக்‌ஷன் அதிகமாக இருக்கும் வாடிக்கையாளரின் பங்கு, இதைக் கழிக்காவிட்டால் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும்.

நம் பட்டறையின் பட்டியல் இப்படி வருகிறது: முதல் நான்கு பேருக்கு 84 லட்சம், 80 லட்சம், 60 லட்சம், 56 லட்சம். சதவீதத்தில் 21, 20, 15, 14. மீதி 30 சதவீதம் சின்ன வாடிக்கையாளர்கள். யாரும் கால் பங்கைக்கூடத் தொடவில்லை. பார்க்க நன்றாகவே இருக்கிறது.

ஆனால், இந்தப் பட்டியல் ஜிஎஸ்டி எண் வாரியாகப் போடப்பட்டது. சிக்கலே அங்கேதான்.

ஒரே கம்பெனி, இரண்டு எண்

ஒரு கம்பெனிக்கு எத்தனை மாநிலங்களில் ஆலை இருக்கிறதோ, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி ஜிஎஸ்டி எண் உண்டு. 15 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும்: தமிழ்நாட்டுக்கு 33, குஜராத்துக்கு 24. அடுத்த 10 எழுத்துகள் அந்தக் கம்பெனியின் பான் எண். ஆக, எண்கள் வேறாக இருந்தாலும் நடுவில் இருக்கும் பான் ஒன்றாக இருந்தால், பில் போவது ஒரே கம்பெனிக்குத்தான்.

எக்செல்லில் ஜிஎஸ்டி எண் A பத்தியில் இருந்தால், பானை மட்டும் தனியாக எடுக்க ஒரு வரி போதும்:

```
=MID(A2,3,10)
```

பிறகு பான் வாரியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். நம் பட்டறையில் 84 லட்சம் வாங்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையும், 60 லட்சம் வாங்கிய குஜராத் ஆலையும் ஒரே கம்பெனியுடையவை. இரண்டும் சேர்ந்து 1.44 கோடி, அதாவது 36 சதவீதம். இரண்டு ஆலைக்கும் யாரிடம் வாங்குவது என்று முடிவெடுப்பது ஒரே கொள்முதல் பிரிவு. அங்கே ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் இரண்டு ஆர்டரும் ஒன்றாகப் போகும்.

ஒரே குழுமத்தில் வேறு வேறு பான் கொண்ட கம்பெனிகளும் இருக்கலாம். அவற்றை எக்செல் கண்டுபிடித்துத் தராது. ஆள் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலான கம்பெனிகளுக்கு இது விதியாகவே இருக்கிறது. இந்தியக் கணக்கியல் தரநிலை 108-ன்படி, விற்பனையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர் இருந்தால் அதை வெளியிட வேண்டும். ஒரே கட்டுப்பாட்டில் இருப்பதாகத் தெரிந்த கம்பெனிகளை ஒரே வாடிக்கையாளராகத்தான் எண்ண வேண்டும். அம்பத்தூர் பட்டறைக்கு இந்த விதி கிடையாது. ஆனால், எண்ணும் முறையை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் யார்?

இன்னும் ஒரு படி இருக்கிறது. 80 லட்சம் வாங்கும் இரண்டாவது வாடிக்கையாளர் முற்றிலும் வேறு கம்பெனி, பானும் வேறு. ஆனால், முதல் கம்பெனியும் இவரும் பாகங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஒரே கார் கம்பெனிக்கு. அப்படியென்றால் பட்டறையின் 56 சதவீத விற்பனை, அதாவது 2.24 கோடி, அந்தக் கார் ஷோரூமில் ஓடுகிறதா என்பதைப் பொறுத்தது.

இது எந்தப் பில்லிலும் தெரியாது. ஒவ்வொரு பாகமும் கடைசியில் எந்த வண்டியில் போய்ச் சேருகிறது என்று வரைபடத்தைப் பார்த்து, வாங்குபவரிடம் கேட்டு, பட்டியலில் ஒரு பத்தி கூடுதலாகப் போட வேண்டும்.

இதுவரை பார்த்ததில் பட்டறையின் விற்பனை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. கூட்டிய விதம்தான் மாறியது. 21 சதவீதம் 36 ஆகி, இப்போது 56 ஆகிவிட்டது.

எத்தனை சதவீதம் ஆபத்து?

‘ஒருவரிடம் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது’ என்பதுபோல் பொதுவான அறிவுரைகள் உண்டு. ஆனால், எல்லாப் பட்டறைக்கும் பொருந்தும் ஒரே எண் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பட்டறையும் தன் கோட்டைத் தானே கணக்கிட வேண்டும்.

நம் பட்டறையில் 100 ரூபாய் விற்பனையில் 55 ரூபாய் இரும்பு, கரன்ட், டூல் என்று ஆர்டரோடு சேர்ந்து போகும் செலவு. மீதி 45 ரூபாய். 4 கோடிக்கு அது 1.80 கோடி. இதிலிருந்து சம்பளம், வாடகை, கடன் வட்டி என்று ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் கட்ட வேண்டிய 1.50 கோடியைக் கழித்தால், லாபம் 30 லட்சம்.

இந்த 30 லட்சத்தை 1.80 கோடியால் வகுத்தால் சுமார் 16.7 சதவீதம். இதுதான் இந்தப் பட்டறையின் கோடு. விற்பனையில் இதற்கு மேல் இழந்தால் நஷ்டம். 14 சதவீத வாடிக்கையாளர் போனால் லாபம் கரையும், ஆனால் கடை ஓடும். 20 சதவீதம் போனால் நஷ்டம் தொடங்கிவிடும். 36 சதவீதம் போனால் சுமார் 65 லட்சம் வரவு நிற்கும். 30 லட்ச லாபம் சுமார் 35 லட்ச நஷ்டமாக மாறும். அந்த ஓட்டையை அடைக்க முதலில் கை வைக்கப்படுவது தொழிலாளர் சம்பளத்தில்தான்.

யாரும் விட்டுப் போகாமலேயே இது நடக்கலாம். அந்தக் கார் மாடலின் தயாரிப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், 2.24 கோடியில் சுமார் 75 லட்சம் போகும். பட்டறை தாங்கக்கூடியது சுமார் 67 லட்சம்தான்.

இந்தக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. எல்லா வாடிக்கையாளரிடமும் 100-க்கு 45 ரூபாய் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெரிய வாடிக்கையாளர் பெரும்பாலும் விலையைக் குறைத்தே வாங்குவார். அங்கே பில் பங்கைவிட லாபப் பங்கு குறைவாக இருக்கும். ஜாப் ஒர்க்கில் நேர்மாறு: இரும்பை வாங்குபவரே தருவதால் பில்லில் கூலி மட்டும்தான் இருக்கும். பங்கு சின்னதாகத் தெரிந்தாலும், அந்த ஆர்டர் போனால் இழப்பு பெரிது.

மாட்டிக்கொண்டிருக்கும் பணம்

36 சதவீத வாடிக்கையாளர் 75 நாள் கழித்துப் பணம் தருகிறார் என்றால், எந்த நேரத்திலும் அவரிடம் சுமார் 30 லட்சம் நிற்கும். ஜிஎஸ்டி தனி. பட்டறையின் ஒரு வருட லாபம் முழுவதும் ஒருவர் கையில்!

குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில் கூட்டு வட்டியும் உண்டு. ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாங்குபவர் மீது யார் புகார் கொடுப்பார்கள்? சட்டம் தரும் உரிமையைப் பயன்படுத்த முடியாமல் செய்வதும் இந்தக் குவிப்புதான்.

ட்ரெட்ஸ் தளத்தில், வாங்குபவர் ஒப்புக்கொண்ட பில்லைக் கொடுத்து முன்கூட்டியே பணம் பெறலாம். பிறகு வாங்குபவர் கட்டத் தவறினாலும் பட்டறையிடம் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இது பாக்கிப் பிரச்னைக்கு நல்ல தீர்வு. ஆனால், அடுத்த மாத ஆர்டருக்கு இது உத்தரவாதம் இல்லை.

என்ன செய்யலாம்?

‘புது வாடிக்கையாளரைப் பிடி’ என்பது சரியான பதில்தான். ஆனால் மெதுவான பதில். 1.44 கோடி ஆர்டரைக் குறைக்காமல் 36 சதவீதத்தை 25 ஆக்க, மொத்த விற்பனை 5.76 கோடியாக வேண்டும். அதாவது மற்றவர்களிடம் இருந்து வருவது சுமார் 69 சதவீதம் வளர வேண்டும். சில மாதங்களில் நடக்கிற காரியம் இல்லை.

அதைவிடச் சீக்கிரம் செய்யக்கூடியது, கோட்டை உயர்த்துவது. மாறாத செலவை 1.50 கோடியிலிருந்து 1.30 கோடியாக்கினால் லாபம் 50 லட்சமாகும், கோடு சுமார் 28 சதவீதத்துக்குப் போகும். 20 சதவீத வாடிக்கையாளர் போனாலும் பட்டறை நிற்கும்.

அதனால்தான் பெரிய வாடிக்கையாளர் ‘இன்னும் இரண்டு மெஷின் போடுங்க, ஆர்டர் தர்றோம்’ என்று சொல்லும் தருணம் முக்கியமானது. கடனில் மெஷின் வாங்கினால் அவரது பங்கும் ஏறும், வட்டிச் செலவும் ஏறும், தாங்கும் கோடு கீழே இறங்கும். குறைந்தபட்ச அளவை எழுத்தில் தருவாரா, டூல் செலவை ஏற்பாரா என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். வேறு வேலைக்கும் பயன்படும் மெஷினா என்பதையும் பார்க்க வேண்டும்.

கடன் தரும் வங்கிகளும் விற்பனை ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பான் வாரிப் பட்டியலையும் கேட்க வேண்டும். விற்பனை ஏறும் ஆண்டில்தான் முதல் வாடிக்கையாளரின் பங்கும் சத்தமில்லாமல் ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கடைசி 12 மாத பில்களை வைத்துப் பட்டறை பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்: முதல் வாடிக்கையாளரின் பங்கு, தன்னால் தாங்க முடிந்த கோடு. முதல் எண் இரண்டாவதைத் தாண்டியிருந்தால், அந்தப் பட்டறை தொடர்ந்து ஓடுமா என்பதை முடிவு செய்வது அதன் முதலாளி அல்ல.