போன் நம்பர் தந்தவர் எல்லாம் வாடிக்கையாளரா? கூகுள் விளம்பரத்துக்குத் தெரியாத விற்பனைக் கணக்கு!

கோவையில் மாடுலர் கிச்சன் செய்து தரும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூகுள் விளம்பரத்துக்கு மாதம் 40,000 ரூபாய் செலவு. விளம்பரத்தைத் தட்டி வருபவர்கள் பெயரும் போன் நம்பரும் கொடுக்கிறார்கள். கடைக்காரர் கூப்பிட்டுப் பேசுகிறார். சிலர் ஷோரூமுக்கு வந்து அட்வான்ஸ் கட்டுகிறார்கள். அதைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்கிறார். கூகுளுக்குத் தெரிந்ததெல்லாம் போன் நம்பர் வந்தது வரைதான். நோட்டில் எழுதியது அதற்குத் தெரியாது.

எங்கே இடிக்கிறது?

கடைக்கு இரண்டு விளம்பரங்கள். ஒன்று, 'கிச்சன் டிசைன் படங்கள்' என்று தேடுபவர்களுக்கு. இன்னொன்று, 'மாடுலர் கிச்சன் விலை கோவை' என்று தேடுபவர்களுக்கு. இரண்டுக்கும் ஆளுக்கு 20,000 ரூபாய்.

முதல் விளம்பரத்தில் 40 பேர் நம்பர் தந்தார்கள்; ஒரு நம்பருக்கு 500 ரூபாய். இரண்டாவதில் 16 பேர்தான். ஒரு நம்பருக்கு 1,250 ரூபாய். இதை மட்டும் பார்க்கும் கூகுளின் தானியங்கி ஏலமுறை, முதல் விளம்பரம்தான் லாபம் என்று அந்தப் பக்கமே பணத்தைத் தள்ளும்.

நோட்டைப் புரட்டினால் கதை தலைகீழ். படம் பார்க்க வந்த 40 பேரில் வாங்கியவர் ஒருவர். விலை கேட்ட 16 பேரில் வாங்கியவர்கள் 4 பேர். அதாவது, ஒரு விற்பனைக்கு முதல் விளம்பரத்தில் 20,000 ரூபாய் செலவு. இரண்டாவதில் 5,000 ரூபாய்தான். அதனால், நோட்டில் உள்ளதை கூகுளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

எப்படி அனுப்புவது?

கூகுள் ஆட்ஸில் 'ஆட்டோ டேகிங்' வசதி இயங்கினால், விளம்பரத்தைத் தட்டும் ஒவ்வொரு முறையும் இணைய முகவரியின் முடிவில் `gclid=` என்று ஒரு நீளமான குறியீடு ஒட்டிக்கொண்டு வரும். அந்த க்ளிக்குக்கான டோக்கன் அது. வெப்சைட் படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்தால், பெயர், போன் நம்பரோடு இந்தக் குறியீடும் சேமிக்கப்படும்.

வாடிக்கையாளர் அட்வான்ஸ் கட்டியதும், அவருடைய குறியீட்டைத் தேடி எடுத்து, இப்படி ஒரு ஃபைலில் எழுதி ஏற்ற வேண்டும். (குறியீடு இங்கே சுருக்கப்பட்டிருக்கிறது.)

```
Parameters:TimeZone=Asia/Kolkata
Google Click ID,Conversion Name,Conversion Time,Conversion Value,Conversion Currency
Cj0KCQ...,Advance Paid,2025-03-18 17:40:00,180000,INR
```

`Advance Paid` என்ற பெயரில் ஒரு கன்வெர்ஷனை கூகுள் ஆட்ஸில் முன்பே உருவாக்கியிருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் சேராது.

எங்கே தவறும்?

அதிகம் நடக்கும் தவறு, குறியீடு பாதியில் வெட்டுப்படுவது. சேமிக்கும் இடத்தில் 50 எழுத்துகளுக்குத்தான் இடம் என்றால், மீதி போய்விடும். சில மென்பொருள்கள் எல்லா எழுத்தையும் சின்ன எழுத்தாக மாற்றிவிடும், அதுவும் செல்லாது. ஏற்றிய பிறகு எத்தனை வரிகள் ஏற்கப்பட்டன, எவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்று கூகுள் ஆட்ஸ் காட்டும். அதைப் பார்க்காமல் விட்டால், மாதக்கணக்கில் எதுவுமே சேராமல் இருந்தாலும் தெரியாது.

இன்னொன்று, கெடு. க்ளிக் நடந்து 90 நாள் தாண்டிய விற்பனையை கூகுள் ஏற்காது. கிச்சன் முழுதும் முடிந்து கடைசித் தவணை வரும்வரை காத்திருந்தால் கெடு தப்பலாம். அதனால்தான் இங்கே அட்வான்ஸ் நாளையே கணக்கில் எடுக்கிறோம்.

கடைசியாக ஒரு சுவிட்ச். ஏலமுறை 'பிரைமரி' என்று குறித்த கன்வெர்ஷனைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். முதல் சில வாரங்கள் அட்வான்ஸை 'செகண்டரி'யாக வைத்து, எண்ணிக்கை நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போனால் அட்வான்ஸை பிரைமரியாக்கி, போன் நம்பர் தருவதைச் செகண்டரிக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் பிரைமரியாக விட்டால், படம் பார்க்க வந்தவரின் நம்பரும் விற்பனையோடு சேர்த்தே எண்ணப்படும்.

மாதம் 5 அட்வான்ஸ்தான் என்றால், ஏலமுறை கற்றுக்கொள்ள அது போதாது. அப்படிப்பட்ட கடை, 'ஷோரூமுக்கு வந்து அளவு கொடுத்தவர்' என்ற முந்தைய படியை அனுப்பலாம். வாங்குவதற்கு அருகில் இருக்கும் படி, எண்ணிக்கையும் கூடுதல். ஆனால், அதையும் வந்த அன்றே யாராவது நோட்டில் எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்ட வாடிக்கையாளர், கூகுள் கணக்கில் வாங்காமல் போனவர்தான்.