ஓலைச்சுவடிக்குச் சந்தனம் வேண்டாம், பத்திரத்துக்கு லேமினேஷன் வேண்டாம்

திருவண்ணாமலை மாதிரியான கோயில் ஊர்களில், பழைய வீட்டில் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று இருந்தால் அதைப் பூஜை அறையில் வைப்பது வழக்கம். வைத்தியக் குறிப்போ, ஜாதகமோ, தேவாரமோ, என்னவென்று பல வீடுகளில் தெரியாது. வருஷத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜைக்கு வெளியே வரும். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மறுநாள் மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும்.

பக்திதான், தப்பு சொல்லவில்லை. ஆனால் காலண்டரைக் கொஞ்சம் பாருங்க. பூஜை முடிந்த சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கார்த்திகை தீபம் வரை காற்றில் ஈரம் இருக்கும். ஈரச் சந்தனத்தோடு மூடிவைத்த ஓலையில் பூஞ்சை பிடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. பொட்டும் பூவும் சுற்றியிருக்கும் துணிக்கு மேல் இருக்கட்டும். ஓலையைத் தொட வேண்டாம். பூஜை முடிந்ததும் பூவை எடுத்துவிட்டு, காய்ந்த துணியாக மாற்றிவிட்டு உள்ளே வையுங்கள். விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படாத அலமாரி இன்னும் நல்லது.

நல்லெண்ணத்தில் ஏடுகள் அழிவது நம்ம ஊருக்குப் புதிதல்ல. கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையர், அங்கிருந்த பழைய ஏடுகளைச் சாஸ்திரப்படி என்று சொல்லி நெருப்பில் இட்டுவிட்டதைக் கேட்டு மனம் உடைந்ததை ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருக்கிறார். இன்று யாரும் ஏட்டை எரிப்பதில்லை. எண்ணெய் தேய்க்கிறோம், டேப் ஒட்டுகிறோம், லேமினேட் பண்ணுகிறோம். என் கருத்து இதுதான்: திரும்ப எடுக்க முடியாத எதையும் பழைய ஏட்டின் மேல் செய்யக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே பாதி சேதத்தைத் தடுத்துவிடலாம்.

ஒரு கட்டு ஓலையும், தாத்தா காலத்து கிரயப் பத்திரம் ஒன்றும் டிரங்குப் பெட்டியில் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முதலில் ஓலை.

தமிழ்நாட்டு ஓலைகளில் பெரும்பாலானவை எழுத்தாணியால் கீறி எழுதப்பட்டவை. மை பிறகு பூசப்படுவது; கீறலுக்குள் கரி தங்கி எழுத்து தெரிகிறது. அதனால் எழுத்து மங்கியிருந்தால் எழுத்தே போய்விட்டது என்று அர்த்தமில்லை. கரி போயிருக்கும், கீறல் இருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஓலையின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து வரும். இதே வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் போனில் படம் எடுக்கலாம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், இரண்டு பக்கமும் எடுங்கள்.

கட்டைப் பிரிப்பதற்கு முன்பே முதல் படம் எடுத்துவிட வேண்டும். பிறகு ஓலையைக் கிடந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். பல ஏடுகளின் இடது ஓரத்தில் தமிழ் எண் இருக்கும். அது வரிசைப்படி இல்லாவிட்டாலும் நீங்களாக மாற்றி அடுக்க வேண்டாம். குறித்து மட்டும் வையுங்கள். மென்மையான புது பிரஷ்ஷால், ஓலையின் நார் ஓடும் திசையில், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசியைத் தள்ளுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சை இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்றாடியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். இல்லையென்றால் அது மற்ற ஏடுகளுக்கும் பறக்கும்.

இரண்டு ஓலை ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தி விட்டுப் பிரிக்காதீங்க. மேல்தோல் உரிந்து எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். உடைந்த துண்டுகளை ஒட்டவும் வேண்டாம்; ஒரு காகித உறையில் போட்டு, எந்த ஓலையின் துண்டு என்று உறையின் மேல் எழுதி அதனுடனேயே வையுங்கள்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் தடவினால் அன்றைக்குப் பளபளப்பாகத் தெரியும். பிறகு ஓலை கறுத்து, பிசுபிசுத்து, தூசியைப் பிடித்துக்கொள்ளும். சுவடி நூலகங்களில் எலுமிச்சம்புல் எண்ணெய் பூசுகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் முதலில் ஓலையை நன்றாகச் சுத்தம் செய்து, எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து எடுக்கிறார்கள். அழுக்கும் பூஞ்சையும் இருக்கும் ஓலையில் அதே எண்ணெயைத் தடவினால் அழுக்குதான் நிலைத்துவிடும். வீட்டில் உலர் சுத்தத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கட்டும்போது ஓலையைவிடச் சற்றுப் பெரிய இரண்டு மரப்பலகைகளை மேலும் கீழும் வைத்து, துவைத்துக் கஞ்சி போக்கிய, சாயம் இல்லாத பருத்தித் துணியில் சுற்றுங்கள். பலகை இருந்தால் ஓலை வளையாது. ஓலையின் துளை வழியாகப் போகும் நூல் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கினால் துளை கிழியும். துணிக்கு வெளியே வசம்புப் பொடி முடிச்சு வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் பூச்சியை அது கொல்லாது. ஓலையில் ஓட்டை இருப்பதால் மட்டும் பூச்சி இருப்பதாக ஆகாது, அது பழைய ஓட்டையாக இருக்கலாம். கட்டை ஒரு வெள்ளைத் தாளின் மேல் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். மாவு போல் புதுத் தூள் விழுந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. அந்தக் கட்டைத் தனியாக பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, மற்றவற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும்.

இனி பத்திரம். மடிப்பில் கிழியும் பத்திரத்தைப் பார்த்ததும் ஜெராக்ஸ் கடையில் லேமினேட் பண்ணிடலாம்னு தோணும். சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமில்லாமல் திரும்ப எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். தாளில் இருக்கும் அமிலம் உள்ளேயே தன் வேலையைத் தொடரும். செலோ டேப்பும் இதே கதைதான். சில வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், பழுப்புப் பசை மட்டும் தாளுக்குள் இறங்கி நிற்கும்.

மாற்று வழி எளிது. பத்திரத்தை மெதுவாக விரித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் வைத்துச் சில நாள் விடுங்கள். பிறகு ஓர் ஓரத்தில், ஈரம் தொட்ட பஞ்சுக்குச்சியால் மையைத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் ஒட்டும் வேலையே வேண்டாம், பிளாஸ்டிக் அல்லாத காகித உறையில் விரித்தபடி வைத்தால் போதும்.

நிறம் ஏறவில்லை என்றால் சின்னக் கிழிசலை ஒட்டலாம். தேவை ஜப்பானிய டிஷ்யூ தாளும், மெத்தில் செல்லுலோஸ் பசையும். 100 மில்லி தண்ணீருக்கு 3 கிராம் அளவில் கரைத்து ஓர் இரவு வைத்தால் பசை தயார். டிஷ்யூவைக் கத்தரிக்காமல் விரல் நகம் அகலத்துக்குக் கையால் கிழித்தால் ஓரத்தில் நார் நிற்கும். அதுதான் தாளோடு மென்மையாகப் பிடிக்கும். பசையைப் பட்டையில் மெல்லியதாகத் தடவி, பத்திரத்தின் பின்பக்கம், எழுத்தில்லாத இடத்தில் ஒட்டி, மை ஒற்றும் தாள் வைத்துக் கனம் ஏற்றுங்கள். தப்பாகிவிட்டால் லேசாக ஈரப்படுத்தி எடுத்துவிடலாம். மைதாப் பசை பூச்சியைக் கூப்பிடும். அதைத் தடுக்கப் போடும் மயில்துத்தமோ தாளையே அரிக்கும்.

ஒட்டிக்கொண்ட ஓலை, தொட்டால் பொடியும் தாள், பூச்சி உயிரோடு இருக்கும் கட்டு: இந்த மூன்றும் வீட்டு வேலை இல்லை. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் ஆகியவை இந்த வேலை தெரிந்த இடங்கள். போன் பண்ணிக் கேட்கும்போது, பிரிப்பதற்கு முன் எடுத்த அந்த முதல் படத்தையும் அனுப்புங்கள். கட்டு எந்த நிலையில் கிடைத்தது என்பதை அதை வைத்துத்தான் அவர்களால் சொல்ல முடியும்.