தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை

2020இல் கொரோனா வந்தபோது கடன் தவணைக்கு ஆறு மாதச் சலுகை அறிவித்தார்கள். ஆறு மாதம் கடனே இல்லை என்று லயத்தில் பலர் நிம்மதியடைந்தோம். நின்றது தவணை மட்டும்தான். கொடுக்காத முதலுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

முதல் 100,000 ரூபா, வருட வட்டி 24 வீதம் என்று வைப்போம். மாத வட்டி 2,000 ரூபா, ஆறு மாதத்தில் 12,000. அதை முதலோடு சேர்த்தால் கடன் 112,000. அடுத்த மாத வட்டி 2,240. வட்டிக்கும் வட்டி!

கணக்குக் கூற்றை எடுத்துப் பாருங்கள். சலுகை மாதங்களில் கட்டிய பணம் இருக்காது. அது முடிந்ததும், நாம் புதிதாக ஒரு சதமும் வாங்காமலேயே முதல் மீதி 12,000 ரூபாவால் கூடியிருக்கும். சேர்த்த தொகை அதுதான். தவணைத் தொகை கூடவில்லையா? அப்படியென்றால் மாதங்கள் கூடியிருக்கும்; கடைசித் தவணைத் திகதியைப் பாருங்கள்.

சலுகை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வேலை இல்லாத மாதத்தில் அது தேவைதான். ஆனால் கையெழுத்து வாங்குமுன், கூடப்போகும் தொகையைத் தமிழில் எழுதித் தரவேண்டும். முடிந்தவர்கள் அந்த 2,000 ரூபா வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்ட இடம் கேளுங்கள். முதல் 100,000இலேயே நிற்கும்.