‘செய்கூலி இல்லை’ என்ற கடையில் ஏன் விலை கூடுகிறது?

ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த மஞ்சள் விவசாயி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மகளின் கல்யாணத்துக்கு மூன்று பவுனில் கல் வைத்த நெக்லஸ் எடுக்க இரண்டு கடைகளில் விசாரித்திருக்கிறார். இரண்டிலும் ஒரே மாதிரி டிசைன், ஒரே எடை. முதல் கடையில் சேதாரம் 9 சதவிகிதம், செய்கூலி 6,000 ரூபாய். இரண்டாவது கடையில் ‘செய்கூலி இல்லை’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். சேதாரம் மட்டும் 14 சதவிகிதம். வீட்டில் எல்லோரும் இரண்டாவது கடைதான் லாபம் என்கிறார்கள். எது சரி?

இதற்குப் பதில் சொல்ல, இரண்டு கடைகளின் எஸ்டிமேட் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே போதும். தங்கம் விலை தினமும் மாறும் என்பதால், கணக்கு எளிதாக இருக்க 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று இங்கே வைத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. கடைக்குப் போகிற அன்றைய விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒரு பவுன் என்பது 8 கிராம். மூன்று பவுன் 24 கிராம்.

| விவரம் | முதல் கடை | இரண்டாவது கடை |
|---|---|---|
| தங்கத்தின் நிகர எடை | 24 கிராம் | 24 கிராம் |
| தங்கத்தின் விலை | ரூ.2,40,000 | ரூ.2,40,000 |
| சேதாரம் | 9% (2.160 கிராம்) ரூ.21,600 | 14% (3.360 கிராம்) ரூ.33,600 |
| செய்கூலி | ரூ.6,000 | இல்லை |
| கூட்டுத்தொகை | ரூ.2,67,600 | ரூ.2,73,600 |
| ஜி.எஸ்.டி 3% | ரூ.8,028 | ரூ.8,208 |
| ஹால்மார்க் கட்டணம் (வரியுடன்) | ரூ.53 | ரூ.53 |
| கட்ட வேண்டிய தொகை | ரூ.2,75,681 | ரூ.2,81,861 |

செய்கூலி கேட்ட கடையைவிட, கேட்காத கடையில் 6,180 ரூபாய் அதிகம். செய்கூலி எங்கும் போய்விடவில்லை. சேதாரத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

சேதாரம் என்பது, நகை செய்யும்போது தங்கத்தை வெட்டி, ராவி, பற்றவைத்து, மெருகேற்றுவதில் கழிகிற தங்கத்துக்கான ஈடு. அந்தத் தூளையும் பட்டறையில் கூட்டி எடுத்து, மறுபடி உருக்கித் தங்கமாக்கிவிடுவார்கள். அதனால் சீட்டில் இருக்கும் 9 சதவிகிதமோ 14 சதவிகிதமோ உண்மையில் கழிந்த தங்கத்தின் அளவு இல்லை. அது கடைக்காரர் வைக்கிற விலை. வேலைப்பாடு இல்லாத செயின், வளையலுக்குக் குறைவாகவும், கல் பதித்த நகை, கைவேலை அதிகமுள்ள நகைக்குக் கூடுதலாகவும் வைப்பார்கள். அவர்கள் வைக்கிற விலை என்பதால்தான் பேசிக் குறைக்கவும் முடிகிறது.

இரண்டு கடைகளை ஒப்பிட ஒரே எண் போதும். சேதாரத் தொகையையும் செய்கூலியையும் கூட்டி, அது தங்கத்தின் விலையில் எத்தனை சதவிகிதம் என்று பார்க்க வேண்டும். முதல் கடையில் 21,600-ம் 6,000-ம் சேர்ந்து 27,600 ரூபாய், அதாவது 11.5 சதவிகிதம். இரண்டாவது கடையில் 14 சதவிகிதம். ஆகவே, இரண்டாவது கடை சேதாரத்தை 11.5 சதவிகிதத்துக்குக் கீழே இறக்கினால்தான் அங்கே வாங்குவது லாபம். 11 சதவிகிதத்துக்குச் சம்மதித்தால் சேதாரத்தில் 7,200 ரூபாய் குறையும். அதற்கான வரி 216 ரூபாயும் சேர்ந்து குறைவதால், கட்ட வேண்டியது 2,74,445 ரூபாய்தான் வரும். ஜி.எஸ்.டி என்பது தங்கம், சேதாரம், செய்கூலி மூன்றின் கூட்டுத்தொகைக்கும் சேர்த்துப் போடப்படுகிறது. அதனால் சேதாரத்தில் 1,000 ரூபாய் குறைத்துப் பேசினால், கையில் 1,030 ரூபாய் மிஞ்சும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது கல். இந்த நெக்லஸைத் தராசில் வைத்தால் 24.800 கிராம் காட்டுகிறது என்றால், அதில் 0.800 கிராம் கல்லின் எடை. சீட்டில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என்று மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். தங்கத்தின் விலையும் சேதாரமும் நிகர எடைக்கு மட்டும்தான் வர வேண்டும். கல்லைக் கழிக்காமல் போட்டுவிட்டால் என்ன ஆகும்? 0.800 கிராமுக்குத் தங்க விலை 8,000 ரூபாய், 14 சதவிகித சேதாரம் 1,120 ரூபாய், வரி 274 ரூபாய் என்று 9,394 ரூபாய் கல்லுக்காகப் போய்விடும். விற்கும்போதோ அடகு வைக்கும்போதோ அதே கல்லைக் கழித்துவிட்டுத்தான் எடை போடுவார்கள். எடை போடும்போது தராசுக்கு முன்னால் நின்று, காட்டும் எண்ணையும் சீட்டில் இருக்கும் மொத்த எடையையும் ஒத்துப் பார்ப்பது நல்லது.

விவசாயக் குடும்பத்துக்கு நகை என்பது அவசரத்துக்கு உதவுகிற சேமிப்பும்கூட. விதைக்கும் உரத்துக்கும் பணம் தட்டும்போது நகைதான் வங்கிக்கோ, கூட்டுறவுச் சங்கத்துக்கோ போகிறது. அங்கே தங்கத்தின் நிகர எடைக்கு மட்டும்தான் மதிப்பு. சேதாரம், செய்கூலி, வரி எதுவும் கணக்கில் வராது. முதல் கடையில் கொடுத்த 2,75,681 ரூபாயில் தங்கமாக வீட்டுக்கு வருவது 2,40,000 ரூபாய்தான். மீதி 35,681 ரூபாய் அன்றே செலவாகிவிட்டது. தங்கம் விலை சுமார் 15 சதவிகிதம் ஏறினால்தான் அது ஈடாகும். இரண்டாவது கடையில் வாங்கினால் 17 சதவிகிதத்துக்கு மேல் ஏற வேண்டும். சேமிப்புக்காக எடுக்கும் பவுனுக்கு எளிய டிசைன் ஏற்றது என்று பெரியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான்.

கடைசியாக, பில். ‘பில் வேண்டாம் என்றால் வரி எட்டாயிரம் மிச்சம்’ என்று சில இடங்களில் சொல்வார்கள். எடை குறைந்தாலோ, தரம் குறைந்தாலோ கேட்பதற்கு அந்தத் தாள்தான் ஆதாரம். எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. பில்லில் நிகர எடை, தரம், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை இருக்க வேண்டும். நகையில் பி.ஐ.எஸ் முத்திரை, 22K916 என்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் ஆகிய மூன்றும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்க எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. செல்போனில் ‘BIS Care’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால், நகையின் வகையும் தரமும் தெரியும். நெக்லஸின் எண்ணைப் போட்டு மோதிரம் என்று வந்தால், அந்த நகையை வாங்க வேண்டாம்.

இந்த வாசகருக்கு இன்னொன்றும் உதவும். ஒரே விற்பனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்குச் சட்டத்தில் இடமில்லை. மஞ்சள் விற்ற பணம் கையில் ரொக்கமாக இருந்தால், வங்கிக் கணக்கில் போட்டுக் காசோலையாகவோ, கணக்கிலிருந்தோ கொடுப்பதற்கு ஏற்பாடு செய்துகொண்டு கிளம்பினால் கடைசி நேர அலைச்சல் இருக்காது.