தள்ளுபடி உங்களைக் காப்பாற்றாது

ஆன்லைன் விலைக்கு இறங்கி வந்தால்தான் குடும்ப ஜவுளிக் கடைகள் பிழைக்கும் என்கிறார்கள். அது கடையைப் பூட்டுவதற்கான வழி. 700 ரூபாய்க்குக் கொள்முதல் செய்த சேலையை 1,000 ரூபாய்க்கு விற்றால் 300 நிற்கும். 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் நிற்பது 100. பழைய லாபத்தை எடுக்க மூன்று மடங்கு சேலை விற்க வேண்டும். சிறிய ஊரில் அவ்வளவு கூட்டத்துக்கு எங்கே போவது? வாடகையும் கூலியும் இந்த நூறிலிருந்துதான் போக வேண்டும்.

செல்போனில் வாங்கிய சேலையை அப்படியே உடுத்த முடியாது. ஃபால்ஸ் அடிக்க வேண்டும், ரவிக்கை தைக்க வேண்டும், அதற்கு நிறம் பொருந்திய லைனிங் வேண்டும். அந்த நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் துணியோடு துணி வைத்துத்தான் பார்க்க முடியும். உங்கள் இடம் இதுதான்: இன்று எடுத்த சேலையை நான்காம் நாள் உடுத்தலாம். லைனிங்கும் ஃபால்ஸும் எல்லா நிறத்திலும் இருப்பு வையுங்கள், நம்பகமான இரண்டு தையல்காரர்களோடு பேசி வையுங்கள். தையல் கூலியை இலவசமாக்காதீர்கள், பில்லில் தனியாகப் போடுங்கள். முகூர்த்த மாதத்தில் அவர்கள் தைக்க முடிந்த அளவுக்கு மேல் ஆர்டர் பிடிக்காதீர்கள். ஒரு ரவிக்கை தாமதமானால் ஒரு வாடிக்கைக் குடும்பமே போய்விடும்.

டி-ஷர்ட்டுக்கும் குர்த்திக்கும் இது பொருந்தாது, அந்தச் சரக்கைக் குறையுங்கள். ஆன்லைனில் எடுத்த சேலைக்கு ரவிக்கை தைக்க ஒருவர் உங்களிடம் வந்தால், வழி சரி என்று அர்த்தம். வாசல் பலகையில் தள்ளுபடியை அழித்துவிட்டு, தைத்துத் தரும் நாளை எழுதுங்கள்.