"இந்த வாரத்துக்குள் அழைக்கிறோம்" என்றால் எந்த வாரம்?

"அடுத்த கிழமை காசு தாறேன்" என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால் எமது வியாபாரிகள் எவரும் தொலைபேசியைப் பார்த்துக் கொண்டு சும்மா இருப்பதில்லை. எந்த நாள் என்று கேட்டுக் கொப்பியில் குறித்து வைப்போம். அந்த நாள் வந்ததும் கடைப் பையனை அனுப்புவோம். ஆனால் அதே வியாபாரியின் மகன் ஒரு கம்பனிக்கு விண்ணப்பித்து, அங்கிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசிவிட்டு "இந்த வாரத்துக்குள் அழைக்கிறோம்" என்று சொல்லிவிட்டால் இரண்டு மூன்று வாரம் வாய் திறக்காமல் இருக்கிறான். திரும்பக் கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று வீட்டிலும் சொல்லிக் கொடுக்கிறோம். இந்த வெட்கம் தேவையற்றது என்பதே எனது அபிப்பிராயம். நிலுவையைக் கேட்கும் அதே பக்குவத்தோடு இதையும் கேட்கலாம்.

முதலில் அந்த அழைப்பு என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மனிதவளப் பிரிவின் உத்தியோகத்தர் ஒருவரே பேசுவார். பதினைந்து, இருபது நிமிடங்களில் செய்த வேலை, இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், எப்போது வேலைக்கு வரலாம் என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். ஆளைத் தெரிவு செய்யும் அதிகாரம் அநேகமாக அவரிடம் இல்லை. அவருடைய குறிப்புகள் பிரிவுத் தலைவருக்குப் போகும். அவர் பார்த்து மூன்று நான்கு பேரை நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கச் சொல்வார். ஆகவே "வாரத்துக்குள்" என்ற வாக்கு, தன் கையில் இல்லாத நேரத்தை வைத்து ஒருவர் கொடுத்த வாக்கு. பிரிவுத் தலைவர் மாத இறுதிக் கணக்கிலோ இருப்புக் கணக்கெடுப்பிலோ இருந்தால் அந்தப் பட்டியல் மேசையில் கிடக்கும். வாரம் கடந்தும் அழைப்பு வராததை மாத்திரம் வைத்து நிராகரித்துவிட்டார்கள் என்று முடிவு செய்ய முடியாது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் மொத்த வியாபார நிலையத்தில் ஐந்து வருடமாகக் களஞ்சியத்தைப் பார்க்கும் இளைஞர் ஒருவர், ஒரு விநியோகக் கம்பனியில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். செவ்வாய்க்கிழமை அழைப்பு வருகிறது. முடிவில் "இந்த வாரத்துக்குள் எடுக்கிறோம்" என்கிறார்கள். இது வெள்ளிக்கிழமையா, அல்லது ஏழு நாள் கணக்கில் அடுத்த செவ்வாயா? அழைப்பை வைக்கும் முன்பே, "வெள்ளிக்கிழமைக்குள் என்று எடுத்துக்கொள்ளலாமா? அதற்குள் வராவிட்டால் உங்களிடமே விசாரிக்கலாமா?" என்று கேட்டிருந்தால் விடயம் முடிந்தது. அவர் ஆம் என்று சொல்லிவிட்டால் பின்னர் கேட்பது தொந்தரவாகாது. அப்படிக் கேட்க மறந்திருந்தால் நீண்ட கணக்கையே எடுக்க வேண்டும். அடுத்த செவ்வாய் முடியும்வரை பொறுத்து, புதன் காலை எழுதலாம். இடையில் போயா விடுமுறை வந்தால் இன்னொரு நாள் விடுவது நல்லது.

வளைகுடாவில் இருந்து அழைப்பு வந்தால் இந்தக் கணக்கு மாறும். சவூதியிலும் கட்டாரிலும் வேலை வாரம் ஞாயிறு தொடங்கி வியாழனோடு முடிகிறது. வெள்ளியன்று எழுதினால் அங்கு பார்க்க ஆள் இருக்காது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் அரச அலுவலகங்கள் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டன. அங்கு வெள்ளி அரைநாள் வேலை.

அழைப்பு வந்த அன்றே நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவைப்பது பலர் செய்யாத, ஆனால் மிகவும் பிரயோசனமான காரியம். நன்றி சொல்வதோடு, பேசிய சம்பளத்தையும் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து வரவேண்டும் என்பதையும் அதில் எழுதிவிட வேண்டும். தொலைபேசியில் அவசரமாகக் குறித்தவர் தவறாகக் குறித்திருந்தால் இது திருத்திவிடும். பின்னர் விசாரிக்கும்போது புதிய கடிதம் எழுதாமல் இதற்கே பதிலாகத் தொடரலாம். பேசியது யார், எதற்காக என்று அவர்கள் தேட வேண்டியதில்லை.

எமது இளைஞர் புதன்கிழமை எழுத வேண்டியது இவ்வளவுதான்: "கடந்த வாரம் செவ்வாயன்று களஞ்சியப் பொறுப்பாளர் பதவி தொடர்பாக என்னோடு பேசினீர்கள். அதில் எனக்குத் தொடர்ந்தும் விருப்பம் உண்டு. நேர்முகப் பரீட்சைக்கான திகதி தீர்மானிக்கப்பட்டுள்ளதா என்று அறியத் தந்தால் உதவியாக இருக்கும். எனது பழைய இடத்தின் சேவைச் சான்றிதழை இத்துடன் இணைத்துள்ளேன்." வழமையாக இதை ஆங்கிலத்தில் எழுதுவார்கள். எந்த மொழியானாலும் ஒரு கேள்வி, ஒரு புதிய தகவல் போதும். "ஏன் அழைக்கவில்லை" என்ற குறைகூறல் அதில் இருக்கக் கூடாது.

அதற்கும் பதில் இல்லாவிட்டால் நான்கு வேலை நாட்கள் விட்டு ஒரு முறை தொலைபேசியில் கேட்கலாம். திங்கள் காலையும் மாத இறுதியும் பொருத்தமில்லை. "நான் தெரிவா?" என்று கேட்டால் அந்த உத்தியோகத்தரால் பதில் சொல்ல முடியாது. "பட்டியல் பிரிவுத் தலைவரிடம் போய்விட்டதா?" என்று கேட்டால் சொல்வார். போய்விட்டது என்றால் பொறுக்கலாம். "இன்னும் ஆட்களைப் பார்க்கிறோம்" என்றால் உங்களை முதல் ஆளாக வைக்கவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அதே விளம்பரம் ஞாயிறு பத்திரிகையில் மறுபடி வந்தாலும் அப்படித்தான். இந்த ஒரு மின்னஞ்சலுக்கும் ஒரு அழைப்புக்கும் பிறகும் மௌனம் என்றால் அந்தக் கணக்கை மூடிவிட்டு அடுத்த விண்ணப்பத்தைப் பார்ப்பதே சரி.

எம்மவர்கள் மத்தியில் இதற்கு இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. மாமாவைப் பிடித்து, அவருக்குத் தெரிந்த டிரெக்டருக்கு ஒரு கோல் எடுப்பது. முதற்கட்டத்தில் இது பெரும்பாலும் கெடுதலாகவே முடியும். தனக்கு மேலிருந்து வந்த அழுத்தமாகவே அந்த உத்தியோகத்தர் இதைப் பார்ப்பார். அதைவிடப் பெரிய ஆபத்து, இந்த அழைப்பை நம்பி இருக்கும் வேலையை விட்டு விலகுவது. நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை முதலாளியிடம் எதையும் சொல்ல வேண்டியதில்லை. வேறு இடத்தில் உண்மையாகவே கடிதம் கிடைத்து, பதில் சொல்லத் தவணையும் இருந்தால் அதைக் கம்பனிக்கு அறிவித்து விரைவுபடுத்தக் கேட்கலாம். இல்லாத கடிதத்தைச் சொன்னால், "அப்படியானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதிலும் வரக்கூடும்.

சிறு விடயம் ஒன்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் தொலைபேசியை மௌனத்தில் போட்டுவிட்டு மாலைவரை மறந்துவிடுவோர் பலர். கம்பனிகள் பொது இலக்கத்தில் இருந்து அழைப்பதால் பெயரும் தெரியாது. வாக்குக் கொடுத்த வாரத்தின் கடைசி நாளே அதுவாகவும் இருக்கலாம். தொழுது வெளியே வந்ததும் பார்த்து அன்றே திருப்பி அழைக்க வேண்டும்.

இனி மேசையின் மறுபக்கத்தில் இருக்கும் எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்குக் கணக்குப் பிள்ளையோ விற்பனையாளரோ தேடும்போது நாமும் பத்துப் பேரோடு பேசிவிட்டு "இந்தக் கிழமைக்குள் சொல்றேன்" என்கிறோம். ஒருவரை எடுத்ததும் மற்ற ஒன்பது பேரையும் மறந்துவிடுகிறோம். அவர்களில் யாரோ ஒருவர் எங்கள் பதிலுக்காக இன்னொரு கடையின் வேலையைத் தள்ளிப்போட்டிருப்பார். எடுத்த ஆள் முதல் மாதத்திலேயே விலகிப் போனால் இரண்டாவது ஆளைத் தேடி நாம்தான் அலைய வேண்டும். பேசிய நாளையும் சொன்ன தவணையையும் கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்து, தவணை முடியும்போது ஒன்பது பேருக்கும் "இம்முறை வேறொருவரை எடுத்துவிட்டோம், உங்கள் இலக்கத்தை வைத்திருக்கிறோம்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப அரை மணித்தியாலம் கூட ஆகாது.