ஒரு கறுப்பு வெள்ளைப் படமும் ஓராயிரம் நடுவர்களும்

பாடிபில்டிங் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரிந்த யாரைக் கேட்டாலும் அந்தப் படங்களைச் சொல்லிவிடுவார்கள். வருடம் 1993. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் டெம்பிள் ஜிம். டோரியன் யேட்ஸ் போஸ் கொடுக்க, கெவின் ஹார்ட்டன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். மிஸ்டர் ஒலிம்பியா போட்டிக்குச் சில வாரங்கள் இருந்தபோது எடுத்தவை. முதுகைப் பார்த்தால் யாரோ உளி வைத்துச் செதுக்கினாற்போல இருக்கும்.

படங்கள் அருமை. அதில் சண்டை இல்லை. அதை வைத்து அடிக்கும் ஜல்லியில்தான் சண்டை. "இந்தப் படத்தில் இருந்த டோரியன் மேடையில் இல்லை, போட்டிக்குள் கண்டிஷனைக் கோட்டை விட்டுவிட்டார்" என்று இன்றுவரை ஒரு கோஷ்டி தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கறுப்பு வெள்ளையில், ஜிம் வெளிச்சத்தில் எடுத்த ஒன்றை, கலரில், மேடை விளக்கில் எடுத்த இன்னொன்றோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதையும் உடம்பின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இரண்டு கம்பெனிகள், சரக்கு மதிப்பிடும் முறை வேறு வேறு, லாபத்தை மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் காமர்ஸ் வகுப்பில் வெளியே அனுப்பிவிடுவார்கள். இங்கே அதற்குப் பெயர் ரசனை!

கண்டிஷனிங் என்றால் தோலுக்கு அடியில் கொழுப்பும் நீரும் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது. அது கண்ணுக்குத் தெரிவது நிழலாகத்தான். ஒரு தசைக்கும் அடுத்த தசைக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில் நிழல் விழுந்தால் "கட்" தெரிகிறது. விழாவிட்டால் தெரியாது. விளக்கு தலைக்கு மேலேயோ பக்கவாட்டிலோ ஒன்றே ஒன்றாக இருந்தால், வயிற்றின் ஒவ்வொரு மேட்டுக்குக் கீழும் கறுப்புக் கோடு விழும். அதே ஆள் அதே நிமிடத்தில் கேமராவின் ஃப்ளாஷுக்கு நேராக நின்றால், வெளிச்சம் பள்ளத்துக்குள்ளும் நேராகப் போய்விடும். நிழல் காலி, கட்டும் காலி. உடனே "தண்ணி கோத்திருக்கு" என்று வைத்தியம் பார்க்க ஆரம்பிப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் இன்னொரு கையும் உண்டு. பிரிண்ட் போடுகிறவர் கான்ட்ராஸ்டை ஏற்றினால் சாம்பல் நிற நிழல் மைக்கறுப்பாகிவிடும்.

அப்படியானால் படத்தில் தெரிவதெல்லாம் பொய்யா? இல்லை. இங்கேதான் கவனம் வேண்டும். வெளிச்சத்தால் இருக்கிற கோட்டை ஆழமாகக் காட்ட முடியும், மறைக்கவும் முடியும். இல்லாத கோட்டை உண்டாக்க முடியாது. இரண்டு பெரிய தசைகளுக்கு இடையிலான பிரிவு சுமாரான உடம்பிலும் நல்ல விளக்கில் தெரிந்துவிடும். அதை நம்பி மார்க் போடக்கூடாது. ஆனால் ஒரே தசைக்குள் நூல் நூலாக ஓடும் வரிகள் வேறு கதை. பின்பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் மடக்கும் போஸில் பிட்டத்திலும் தொடையின் பின்புறத்திலும் குறுக்கு வரி தெரிகிறதா, கீழ்முதுகில் கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கிளை பிரிகிறதா என்று பாருங்கள். அங்கே கொழுப்பு கடைசியில்தான் கரையும் என்பதால், வரி தெரிந்தால் ஆள் உண்மையிலேயே வற்றியிருக்கிறார் என்று நம்பலாம். தெரியாவிட்டால்? ஃப்ளாஷா, சாயமா, கொழுப்பா, ஒன்றும் சொல்வதற்கில்லை.

சாயம் என்றதும் சிரிப்பவர்கள் உண்டு. போட்டிக்கு முந்தின நாளிலிருந்து பூச்சு பூச்சாக அந்தப் பழுப்பு டேனை ஏற்றுவது அழகுக்காக அல்ல. வெளிறிய தோல் மேல் விழும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். கொஞ்சம் தோலுக்குள்ளேயே போய்ப் பரவி வெளியே வரும். அதனால் பள்ளத்து நிழல் நிரம்பி, மேடையின் பலமான விளக்கில் ஆள் மாவுப் பொம்மை மாதிரி ஆகிவிடுவார். சாயம் அந்தச் சிதறலை விழுங்கிவிடும். மேலே கொஞ்சம் எண்ணெய் இருந்தால் மேட்டில் மட்டும் மினுக்கம், பள்ளத்தில் இருட்டு. இயற்கையிலேயே கறுத்த தோல் உள்ளவர்களும் பூசுகிறார்களே என்றால், முகமும் கையும் ஒரு நிறம், வெயில் படாத தொடை ஒரு நிறம் என்று இருப்பதைச் சமப்படுத்தத்தான்.

இதுவும் சொதப்பும். எண்ணெய் கூடினால் பளபளப்பே வரிகளை அழித்துவிடும். வியர்வையில் சாயம் வழிந்தால் அந்தக் கோடு தசைக் கோடு மாதிரியே இருக்கும். (தொடையில் நேர்க்கோடாக மேலிருந்து கீழே ஓடி, தசை போகும் திசையோடு சேராமல் இருந்தால் அது வழிசல்.) ஒரு படத்தில் டேன் இருக்கிறதா என்று தெரிய உள்ளங்கையைப் பார்த்தால் போதும், பெரும்பாலும் அங்கே வெளுப்பாக இருக்கும். விளக்கு எங்கே இருந்தது என்பதை மூக்குக்கும் தாடைக்கும் கீழே விழும் நிழல் சொல்லிவிடும். தாடைக்குக் கீழே கன்னங்கரேல் என்று இருந்தால் விளக்கு தலைக்கு மேலே. வயிற்றுக்கு மார்க் போடுமுன் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

சிம்மெட்ரி விஷயத்தில் நடப்பது இன்னும் மோசம். டோரியனுக்கே 1994-ல் இடது பைசெப்ஸ் கிழிந்தது. அதற்கப்புறமும் அந்த வருடமும் 1997 வரையும் பட்டத்தை அவர்தான் வைத்திருந்தார். நேராக நின்று இரண்டு கையையும் மடக்கும் போஸில், இடது கையில் முழங்கை மடிப்புக்கும் பைசெப்ஸ் உருண்டைக்கும் நடுவே இடைவெளி அதிகமாக இருப்பது தெரியும். ஆனால் பக்கவாட்டில் நின்று மார்பைக் காட்டும் போஸில் எந்தப் பக்கம் என்பது போட்டியாளர் விருப்பம். வலது பக்கம் திரும்பி நின்றால் காயமே கிடையாது! அந்த ஒரு படத்தைப் பார்த்து "பக்கா சிம்மெட்ரி" என்பவரிடம் என்ன பேச?

நேராக எடுத்த படத்திலும் வலைகள் உண்டு. இடுப்பு ஐந்து டிகிரி திரும்பினாலே ஒரு பக்க லாட்ஸ் அகன்று மறுபக்கம் ஒடுங்கும். தொப்புளும் தொண்டைக்குழியும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கிறதா, இரண்டு பாதமும் ஒரே அளவு வெளியே திரும்பியிருக்கிறதா என்று பார்க்காமல் இடது வலது பேசுவது வீண். கேமரா இடுப்புக்குக் கீழே இருந்து, அதுவும் கிட்டத்திலிருந்து எடுத்திருந்தால் தொடை ஊதித் தெரியும், தோள் சிறுத்துவிடும். அதைப் பார்த்து "மேல் உடம்பு பத்தாது" என்று எழுதுவார்கள். பத்தாதது கேமராவின் உயரம்.

நடுவர்கள் பார்ப்பது ஒரு படத்தை அல்ல. ஒரே விளக்கின் கீழே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஆட்களை, முன்னால், பக்கம், பின்னால் என்று திருப்பித் திருப்பி ஒப்பிடுகிறார்கள். வெளிச்சம் பொய் சொன்னாலும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே பொய். படத்தை வைத்துத்தான் பேசுவேன் என்று அடம் பிடிப்பவர்களுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. அட்லாண்டாவில் நடந்த 1993 போட்டியின் வரிசைப் படங்களை எடுத்துக்கொள்ளலாம். டோரியன் 257 பவுண்டு, முந்தைய வருடம் ஹெல்சிங்கியில் ஜெயித்தபோது 242. இரண்டாவது வந்தவர் ஃப்ளெக்ஸ் வீலர், மூன்றாவது ஷான் ரே. இடுப்பின் ஒடுக்கம், மூட்டின் மென்மை, அங்கங்களின் அளவு பொருந்துவது என்று பார்த்தால் வீலர் பக்கம் கண் போகும், போகத்தான் வேண்டும். மூன்று பேரும் முதுகைத் திருப்பியதும் அகலத்தையும் தடிமனையும் கீழ்முதுகையும் பாருங்கள். ஜிம் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஒரே விளக்கில் டோரியன் எதைக் கோட்டை விட்டார் என்று அந்தக் கோஷ்டி காட்டட்டும்.